இரக்கம் திகதியில் தெரியும்

எமது தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று கொழும்பில் இருக்கிறார்கள். வெள்ளவத்தை காலி வீதியில் புடவைக் கடைகளில் நிற்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் களஞ்சியங்களிலும் ஹார்ட்வெயார் கடைகளிலும் சாமான் ஏற்றி இறக்குகிறார்கள். கொஞ்சம் படித்தவர்கள் கம்பனிகளில் பில் போடுகிறார்கள், பொதி கட்டுகிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள். அங்கே கையில் ஒரு கடிதம் கிடைத்தால் அதைப் போனில் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். ஒன்று, படிப்பித்த வாத்தியாருக்கு வரும். இல்லையென்றால் தோட்டத் தலைவருக்கு வரும். "சேர், இதில் என்ன எழுதியிருக்கு என்று சொல்லுங்க" என்பதுதான் கேள்வி. பள்ளிக்கூடத்திலும் சங்கத்திலும் வேலை செய்கிற நாங்கள் இப்படி வாசித்துச் சொன்ன கடிதங்களில் ஆட்குறைப்பு அறிவித்தல்களைப் பற்றியே இங்கே எழுதுகிறோம்.

இந்தக் கடிதங்களின் மொழி இப்போது மாறிவிட்டது. "உன்னை நிறுத்திவிட்டோம்" என்று எவரும் எழுதுவதில்லை. "மிகுந்த மனவேதனையுடன்", "எமது குடும்பத்தின் ஓர் அங்கமான உங்களை", "இந்தக் கடினமான வேளையில் உங்களோடு இருப்போம்" என்று எழுதுகிறார்கள். அதற்குக் கீழே காரணம், உதவி, காலம் என்று மூன்று பத்திகள் வரும். வாசித்து முடித்ததும் பிள்ளைக்குக் கோபம் வராது. அழுகைதான் வரும். அடியில் கோடு போட்ட இடத்தில் கையெழுத்தும் போட்டுவிடுவான்.

அன்பான வார்த்தைகளை நாம் குறை சொல்லவில்லை. வேலை போகிற செய்தியைக் கடுமையாகச் சொல்வதைவிட மரியாதையாகச் சொல்வது நல்லதுதான். ஆனால் ஓர் ஆட்குறைப்பு அறிவித்தலில் இரக்கம் இருக்கிறதா என்று பார்க்க அதன் வார்த்தைகளை வாசித்தால் போதாது. அதிலுள்ள திகதிகளையும் தொகைகளையும் வாசிக்க வேண்டும்.

கட்டுநாயக்கவில் நடந்தது

2025 மே மாதத்தில் பிரித்தானிய ஆடை விற்பனைக் கம்பனியான நெக்ஸ்ட், கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் இருந்த தனது தொழிற்சாலையை மூடியது. ஏறக்குறைய 1,400 பேர் வேலை இழந்தார்கள். உற்பத்திச் செலவு கூடிவிட்டது என்பது கம்பனி சொன்ன காரணம். இழப்பீடு தருவதாகவும் சொன்னது. ஆனால் தொழிலாளருக்கு அந்தச் செய்தி வட்ஸ்அப்பில் வந்தது. மூடுவதற்கு முன் சங்கத்தோடு பேசவில்லை, சட்டம் மீறப்பட்டுள்ளது என்று சுதந்திர வர்த்தக வலய தொழிற்சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது.

அந்தச் செய்தியில் காரணமும் இருந்தது, உதவியும் இருந்தது. ஆனால் மூன்றாவதான காலம் இருக்கவில்லை. வேலை முடிந்த பிறகு வந்த அறிவித்தலுக்கு எவரும் பதில் சொல்ல முடியாது. காரணம் சரியா என்று கேட்க முடியாது. மற்றத் தொழிற்சாலைகளில் இடம் உண்டா என்று பேச முடியாது. வாடகை அறையை வைத்திருப்பதா, ஊருக்குத் திரும்புவதா என்று யோசிக்கவும் நேரம் இல்லை. எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

சட்டம் கேட்பது அறிவித்தலை அல்ல, அனுமதியை

எங்கள் நாட்டில் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலையாட்களின் தொழில் முடிவுறுத்தல் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இருக்கிறது. தோட்டத்துக்கும் கொழும்புக் கம்பனிக்கும் சேர்த்துத்தான் அந்தச் சட்டம். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல், ஆள் அதிகம், வியாபாரம் இல்லை, மூடுகிறோம் போன்ற காரணங்களுக்காக ஒருவரை நிறுத்த வேண்டுமென்றால் முதலாளிக்கு இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, அந்தத் தொழிலாளி முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும். மற்றது, தொழில் ஆணையாளர் நாயகம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதிக்க வேண்டும். இரண்டுமே "முன்கூட்டியே" என்பதைக் கவனியுங்கள்.

ஆணையாளரிடம் விண்ணப்பம் போனால் அவர் இரு தரப்பையும் கேட்பார். விண்ணப்பம் கிடைத்து இரண்டு மாதங்களுக்குள் தீர்மானம் தர வேண்டும் என்று 2003இல் செய்த திருத்தம் சொல்கிறது. அதுவரை வேலையும் சம்பளமும் தொடரும். அனுமதி இல்லாமலும் சம்மதம் இல்லாமலும் நிறுத்தினால் அந்த நிறுத்தம் சட்டப்படி செல்லாது. பழைய சம்பளத்தோடு திரும்ப வேலைக்கு எடுக்கும்படி ஆணையாளர் கட்டளையிடலாம்.

ஆகவே "எதிர்வரும் வெள்ளிக்கிழமையோடு உங்கள் சேவை முடிவடைகிறது" என்று ஒரு கடிதம் வந்தால் அதில் எத்தனை அன்பான சொற்கள் இருந்தாலும் முதலில் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ஆணையாளரின் அனுமதி எங்கே? இல்லையென்றால் அந்தக் கடிதம் உங்களுடைய சம்மதத்தை எதிர்பார்த்து நிற்கிறது என்று அர்த்தம். அடியில் இருக்கும் கையெழுத்துக் கோடு அதற்காகத்தான் போடப்பட்டிருக்கிறது. "கடிதம் கிடைத்தது" என்பதற்குக் கையெழுத்து வைப்பது வேறு, "விலகச் சம்மதிக்கிறேன்" என்பதற்கு வைப்பது வேறு. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். கையெழுத்துப் போடத்தான் வேண்டும் என்றால் "கிடைத்தது மட்டும்" என்று தமிழிலேயே எழுதி, திகதி போட்டு, பிரதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

"தாமாக விலகுதல்" என்ற சொல்லோடு எங்கள் மக்களுக்கு நீண்ட பழக்கம் உண்டு. 1939இல் இலங்கை அரசாங்கம் தனது திணைக்களங்களில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்த இந்திய வம்சாவளித் தொழிலாளரை நிறுத்த முடிவு செய்தது. தாமாக விலகி இந்தியா திரும்புவோருக்குப் பணமும் பயணச் சீட்டும் தருவதாகச் சொன்னது. அதுவும் காரணமும் உதவியும் காலமும் உள்ள ஓர் அறிவித்தல்தான். அதை எதிர்த்துப் பேசவே அந்த யூலை மாதம் நேரு கொழும்புக்கு வந்தார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்ததும் அந்த மாதத்தில்தான். ஒருவர் தனியாக நின்று ஆம் அல்லது இல்லை சொல்ல வேண்டிய இடத்தில் கூட்டாக நிற்க ஓர் அமைப்பு தேவை என்பதை அன்று கண்டுகொண்டார்கள்.

உதவி என்று சொல்வதில் எது உதவி?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொழும்பில் நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு கம்பனியில் ஒருவர் 11 வருடம் வேலை செய்திருக்கிறார், கடைசி மாதச் சம்பளம் 60,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கம்பனி எழுதுகிறது: "மனிதாபிமான அடிப்படையில், பணிக்கொடை உட்பட, ஆறு மாதச் சம்பளம் வழங்குவோம்." ஆறு மாதம் என்றால் 360,000 ரூபா. ஒரே நேரத்தில் அவ்வளவு காசை அவர் கையில் கண்டிருக்க மாட்டார். நல்ல தொகை போலத்தான் தெரியும்.

இப்போது பணிக்கொடையைப் பாருங்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் உண்டு. தோட்டத்தில் நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்று நாம் கணக்கிடுவது இதே சட்டத்தில்தான். இவருக்கு அரை மாதம் 30,000, பதினொரு வருடத்துக்கு 330,000 ரூபா. அவர் நாளைக்கே தானாக விலகிப் போனாலும் இந்தக் காசு கிடைக்கும். வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுக்கவும் வேண்டும். ஆகவே 360,000 ரூபாவில் கம்பனி உண்மையில் கொடுக்கும் "மனிதாபிமானம்" 30,000 ரூபா மட்டுமே. அது அரை மாதச் சம்பளம்.

ஆணையாளர் அனுமதி கொடுக்கும்போது இழப்பீடு எவ்வளவு என்பதற்கு 2005இல் வர்த்தமானியில் ஒரு சூத்திரம் வந்தது. முதல் ஐந்து வருடங்களில் ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மாதச் சம்பளம். ஆறிலிருந்து பதினான்கு வரையிலான வருடங்களுக்கு இரண்டு மாதம். பதினைந்திலிருந்து பத்தொன்பது வரை ஒன்றரை மாதம். இருபதிலிருந்து இருபத்துநான்கு வரை ஒரு மாதம். அதற்குமேல் முப்பத்துநான்கு வரை அரை மாதம். எப்படிக் கூட்டினாலும் 48 மாதத்துக்கு மேல் போகாது. மொத்தத் தொகைக்கும் ஓர் எல்லை உண்டு. முன்பு அது 1,250,000 ரூபா. 2021இல் 2,500,000 ஆக உயர்த்தினார்கள்.

எங்கள் ஆளுக்கு முதல் ஐந்து வருடத்துக்குப் பன்னிரண்டரை மாதம். அடுத்த ஆறு வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம். மொத்தம் இருபத்துநான்கரை மாதம். 60,000ஆல் பெருக்கினால் 1,470,000 ரூபா. இதோடு பணிக்கொடை 330,000 சேர்ந்தால் 1,800,000 ரூபா. கடிதத்தில் இருப்பது 360,000. அன்று மாலை ஒரு கையெழுத்தோடு அவர் விட்டுக்கொடுக்கப் போவது 1,440,000 ரூபா.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில கடிதங்களில் "உங்கள் ஈ.பி.எப். பணத்தையும் பெற்றுக்கொள்ளலாம்" என்று உதவிக் கணக்கில் சேர்த்து எழுதுவார்கள். ஊழியர் சேமலாப நிதி தொழிலாளியின் சொந்தச் சேமிப்பு. அவர் 8 வீதம், முதலாளி 12 வீதம் போட்டது. வேலை போன காரணத்துக்காக மட்டும் அதைப் பொதுவாக எடுக்கவும் முடியாது. ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது வரை காத்திருக்க வேண்டும். வேலை போனவுடன் கேட்கக்கூடியது முதலாளி 3 வீதம் கட்டிய ஈ.டி.எப். பணத்தைத்தான். அதுவும் கம்பனி தருகிற உதவி அல்ல. கம்பனி செய்ய வேண்டியது மாதாமாதம் இரண்டையும் ஒழுங்காகக் கட்டியிருப்பது. கட்டாத மாதங்கள் இருந்தால் அது வெளிவருவதும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். ஆகவே கணக்குப் பத்திரத்தைக் கையில் எடுத்து ஒவ்வொரு வருடமாகப் பாருங்கள்.

ஒழுங்கான ஓர் அறிவித்தல்

முதலாளிமாரில் உண்மையாகவே மனம் நொந்து ஆள் குறைப்பவர்களும் உண்டு. 2022 நெருக்கடியில் அப்படிச் சிலரைப் பார்த்தோம். அவர்கள் எங்களிடம் கேட்டால், கடிதத்தை இப்படி எழுதச் சொல்வோம்:

"பொதி கட்டும் பிரிவை மூட வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறோம். இரண்டு வருடமாக அந்தப் பிரிவுக்கு ஓர்டர் குறைந்து வருகிறது. அதன் கணக்கை உங்கள் பிரதிநிதிகளுக்குக் காட்டியிருக்கிறோம். ஓவர்டைமையும் புதிதாக ஆள் எடுப்பதையும் நிறுத்திப் பார்த்தோம், போதவில்லை. இதனால் பன்னிரண்டு பேரின் வேலை பாதிக்கப்படலாம். இன்று எவருடைய வேலையும் முடியவில்லை. தொழில் ஆணையாளர் நாயகத்திடம் அனுமதி கேட்டு இன்று விண்ணப்பித்திருக்கிறோம், பிரதி இத்துடன் உள்ளது. தீர்மானம் வரும்வரை வேலையும் சம்பளமும் வழமைபோல் இருக்கும். எங்கள் பதிவுப்படி உங்கள் சேவைக்காலம் 11 வருடம், மாதச் சம்பளம் 60,000 ரூபா. இழப்பீடு 1,470,000, பணிக்கொடை 330,000. இரண்டும் தனித்தனியாகக் கொடுக்கப்படும். இந்த விபரத்தில் பிழை இருந்தால் இரண்டு வாரத்துக்குள் சொல்லுங்கள். களஞ்சியப் பிரிவில் நான்கு இடம் இருக்கிறது. சேவைக்காலம் கூடியவர்களுக்கு முதலிடம். சேவைச் சான்றிதழ் எல்லாருக்கும் தரப்படும். எதிலும் இன்று கையெழுத்துப் போட வேண்டாம். சங்கத்தையோ வீட்டாரையோ கேட்டுவிட்டு வாருங்கள்."

இதில் ஓர் இடத்திலும் "மனவேதனை" என்ற சொல் இல்லை. ஆனால் வாசிக்கிறவர் அன்றிரவு தூங்கலாம். காரணத்தைச் சரிபார்க்க முடிகிறது. தொகை பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறது. யார் தீர்மானிக்கிறார், எப்போது என்பது தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பதில் சொல்ல இடம் இருக்கிறது. கடிதம் தமிழில் இருப்பதும் இரக்கத்தின் ஒரு பகுதிதான். பதினொரு வருடம் தமிழில் வேலை வாங்கியவர், வேலையை விட்டுப் போகச் சொல்லும்போது மட்டும் ஆங்கிலத்துக்கு மாறுவது நியாயமல்ல.

ஒன்பது பேர் வேலை செய்கிற கடையில்

இதுவரை சொன்ன அனுமதியும் சூத்திரமும் பதினைந்து பேருக்கு மேற்பட்ட இடங்களுக்குத்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். சரியான எல்லை இதுதான்: முந்திய ஆறு மாதத்தில் சராசரியாகப் பதினைந்து பேராவது வேலை செய்திருந்தால் சட்டம் பொருந்தும். அந்தத் தொழிலாளியும் முந்திய பன்னிரண்டு மாதத்தில் 180 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். ஆகவே எங்கள் பிள்ளைகளில் பெருவாரியானோர் நிற்கும் இடங்கள் இதற்கு வெளியே விழுகின்றன. காலி வீதிப் புடவைக் கடையில் ஒன்பது பேர். கொட்டாஞ்சேனை ஹார்ட்வெயார் கடையில் ஆறு பேர். அங்கே கடிதமே வராது. "தம்பி, தீபாவளிக்கு ஊருக்குப் போய்ட்டு இரு, நான் கோல் பண்ணுறேன்" என்று முதலாளி சொல்வார். கோல் வராது. அவ்வளவுதான் அறிவித்தல்.

அதற்காக வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். சிறிய கடையில் வேலை செய்தவரும் தொழில் நியாய சபைக்குப் போகலாம். நிறுத்தியது நியாயமா என்று கேட்கலாம். பதினைந்துக்குக் குறைந்த இடத்தில் வேலை செய்தவருக்கு உரிய பணிக்கொடையையும் அங்கேதான் கேட்க வேண்டும். ஆனால் வேலை நிறுத்தப்பட்டதை எதிர்த்துக் கேட்க ஆறு மாதம்தான் அவகாசம். "கோல் பண்ணுவார்" என்று லயத்தில் காத்திருக்கும்போது ஓடிப்போவது அந்த ஆறு மாதம்தான். எனவே கடைசியாக வேலை செய்த திகதியை எழுதி வையுங்கள். ஒரு வாரம் பொறுத்து "எப்போது வேலைக்கு வர வேண்டும்" என்று முதலாளிக்கு எழுத்தில் கேளுங்கள், மெசேஜ் அனுப்பினாலும் போதும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது சாட்சி.

அங்கே வேலை செய்ததை நிரூபிப்பதுதான் பெரிய கஷ்டம். நியமனக் கடிதம் இருக்காது. சம்பளச் சிட்டை இருக்காது. ஆகவே வேலையில் இருக்கும்போதே சேர்த்து வையுங்கள்: ஈ.பி.எப். அங்கத்துவ இலக்கம், சம்பளம் வங்கியில் விழுந்த பதிவு, கடைப் பெயர் போட்ட டீ-சேர்ட்டோடு எடுத்த படம், முதலாளி அனுப்பிய மெசேஜ்கள். போனை மாற்றும்போது இவை அழிந்துவிடும். ஒரு பிரதியை ஊரில் வைத்திருங்கள்.

எமது நிலைப்பாடு இதுதான். ஆட்குறைப்பு அறிவித்தலுக்கு ஒரு கட்டாயப் படிவம் வேண்டும். அது தொழிலாளியின் மொழியில் இருக்க வேண்டும், இழப்பீடும் பணிக்கொடையும் தனித்தனி வரியில் இருக்க வேண்டும். சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன் இரண்டு வார அவகாசம் சட்டத்தில் வேண்டும். பதினைந்து பேர் என்ற எல்லை கீழே வர வேண்டும், ஏனெனில் ஒன்பது பேர் கடையில் வேலை போனவனுக்கும் வாடகை ஒன்றுதான், அரிசி விலை ஒன்றுதான். தொழில் சட்டங்களைத் திருத்துவோம் என்று பேசப்படும் ஒவ்வொரு முறையும் முதலாளிமார் பக்கத்திலிருந்து எழும் கோரிக்கை இந்த 1971ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தளர்த்துவதுதான். எங்கள் பக்கத்துக் கோரிக்கை என்ன என்பதும் எழுத்தில் மேசைக்குப் போக வேண்டும்.

கொழும்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு அடுத்த முறை போன் எடுக்கும்போது மூன்று விடயங்களைச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பு. கடைசி நாளின் திகதியை எழுது. நாரஹேன்பிட்டித் தொழில் செயலகத்துக்குத் தனியாகப் போகாதே, சங்கத்துக்குச் சொல், நாங்கள் கூட வருகிறோம்.